வாயா, குழாயா, எப்போது? திடீர்க் கணைய அழற்சியில் உணவு தொடங்கிய ஒரு நிகழ்வு

வார்டில் கணைய அழற்சி நோயாளியின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது 'என்.பி.ஓ.' என்ற மூன்றெழுத்து. வாய்வழி எதுவும் தரவேண்டாம் என்பது அதன் பொருள். மறுநாள் 'அதே சிகிச்சை தொடரவும்' என்று எழுதியதும் பட்டினியும் சேர்ந்தே தொடர்ந்துவிடுகிறது. மருந்துக்கு அளவும் நேரமும் எழுதுகிறோம். பட்டினிக்குக் காரணமோ முடியும் நேரமோ எழுதுவதில்லை. கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற பழைய எண்ணம்தான் இதற்கு அடிப்படை. குடலுக்குள் உணவு போகாவிட்டால் குடல் சவ்வு பலவீனமாகி, அங்குள்ள கிருமிகள் ரத்தத்துக்கும் அழுகிய கணையத் திசுவுக்கும் பரவ வழி கிடைக்கிறது என்ற புரிதல் வந்தபின் அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

கீழே உள்ள நிகழ்வு தனி ஒருவருடையது அல்ல. இந்நோயில் வழக்கமாக எதிர்ப்படும் சிக்கல்களை ஒரே நோயாளியிடம் வைத்துப் பார்க்கப் பயிற்சிக்காக அமைத்தது.

வந்தபோது இருந்த நிலை

வயது 44, ஆண், கூலி வேலை. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி 14 மணி நேரமாக. ஐந்து முறை வாந்தி. தினமும் மது அருந்துபவர். கடைசி ஆறு நாட்களாக மது மட்டும்தான், சோறு என்று எதுவும் உள்ளே போகவில்லை. இந்தக் கடைசி வரி முதல் நாள் குறிப்பில் இல்லை. மனைவியிடம் 'கடைசியா முழுசா ஒரு வேளை சாப்பாடு என்னைக்கு சாப்பிட்டார்?' என்று கேட்ட பிறகே கிடைத்தது. 'பசியின்மை உண்டா?' என்று கேட்டிருந்தால் 'ஆமாம்' என்பதோடு முடிந்திருக்கும்.

எடை 52 கிலோ, உயரம் 170 செ.மீ., உடல் நிறை குறியீடு 18. நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 104/70, மூச்சு நிமிடத்துக்கு 22, வெப்பம் 37.4. லைப்பேஸ் 1,840, அந்த ஆய்வகத்தில் இயல்பின் மேல் எல்லை 60. வலியும் மூன்று மடங்குக்கு மேற்பட்ட லைப்பேஸும் இருந்ததால் நோயை உறுதி செய்ய முதல் நாளே சி.டி. தேவைப்படவில்லை. அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக் கல் இல்லை. டிரைகிளிசரைடு 190. வெள்ளணுக்கள் 14,200. மார்பு எக்ஸ்ரேயில் இடப்பக்கம் சிறிதளவு நீர். யூரியா 58, கிரியாட்டினின் 1.1. பொட்டாசியம் 3.3, மெக்னீசியம் 1.5, பாஸ்பேட் 2.6.

கடுமையை முன்கூட்டிக் கணிக்க 'பைசாப்' மதிப்பெண் போட்டார்கள். அதில் ஒரு இடத்தில் அடிக்கடி தவறு நடக்கிறது. அந்த மதிப்பெண் கேட்பது ரத்த யூரியா நைட்ரஜன் 25-க்கு மேலா என்று. நம் ஆய்வகங்கள் பல கொடுப்பதோ யூரியா. யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் நைட்ரஜன் கிடைக்கும். 58-ஐ வகுத்தால் 27, ஆகவே ஒரு மதிப்பெண். யூரியா 40 என்று வந்திருந்தால் உண்மையில் நைட்ரஜன் 19-தான். அப்படியே எடுத்துப் போட்டால் இல்லாத கடுமை இருப்பதாகிவிடும். இவருக்கு நைட்ரஜனுக்கு ஒன்று, உடல் முழுவதுமான அழற்சிக் குறிகளுக்கு ஒன்று, மார்பு நீருக்கு ஒன்று: மொத்தம் 3. கடுமையாகக்கூடும் என்ற பிரிவு.

ஆனால் கடுமையாகக்கூடும் என்பது, வாய்வழி உணவு கூடாது என்று ஆகாது. நெதர்லாந்தில் நடந்து 2014-இல் வெளியான பைத்தான் ஆய்வு இந்தப் பிரிவினரைத்தான் எடுத்துக்கொண்டது. 24 மணி நேரத்துக்குள் குழாய் போட்டு உணவு கொடுத்த ஒரு குழு. 72 மணி நேரம் கழித்து வாய்வழி உணவு கொடுத்துப் பார்த்து, முடியாதவர்களுக்கு மட்டும் குழாய் போட்ட இன்னொரு குழு. பெரிய தொற்றுகளிலும் இறப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டாம் குழுவில் நூற்றுக்கு 69 பேருக்குக் குழாயே தேவைப்படவில்லை. கடுமை மதிப்பெண்ணைப் பார்த்த உடனே எல்லோருக்கும் குழாய் போட வேண்டியதில்லை என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

உணவுக்கு முன் செய்தவை

மதுப் பழக்கம், ஆறு நாள் பட்டினி, 18.5-க்குக் கீழான உடல் நிறை குறியீடு ஆகிய மூன்றும் இருந்தன. உணவு தொடங்கும் முன்பே பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைவு. மறு ஊட்ட நோய்க்குறிக்கு இதைவிடத் தெளிவான ஆபத்து வேண்டாம். பட்டினியில் இருந்த உடலுக்குள் மாவுச்சத்து நுழைந்ததும் இன்சுலின் உயர்கிறது. ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன. அதோடு, குளுக்கோஸை எரிக்கத் தேவையான தயாமினும் தீர்ந்துபோகிறது. பாஸ்பேட் மிகவும் இறங்கினால் மூச்சுத் தசைகளும் இதயமும் தளரும்.

எனவே முதல் இரவே தயாமின் 100 மி.கி. சிரை வழியாக, நாளுக்கு மூன்று முறை. குளுக்கோஸ் உள்ள டிரிப் எதுவும் அதற்கு முன் கூடாது என்று தனியாக எழுதப்பட்டது. குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் ஆகியவை இல்லை என்றும் பதிவானது. இருந்திருந்தால் வெர்னிக்கே நோய் என்று கருதி ஒரு வேளைக்கு 500 மி.கி. தர வேண்டியிருக்கும். மெக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் ஈடுசெய்யத் தொடங்கினார்கள். மெக்னீசியம் குறைவாகவே இருந்தால் பொட்டாசியம் எவ்வளவு ஏற்றினாலும் சிறுநீரில் போய்விடும். ஆகவே இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

நீர்ச்சத்துக்கு ரிங்கர் லாக்டேட்: முதலில் கிலோவுக்கு 10 மி.லி. கணக்கில் 520 மி.லி., பிறகு மணிக்கு 78 மி.லி. தாராளமாக ஏற்றுவது கைவிடப்பட வேண்டிய பழக்கம். அதனால் குடல் சுவர் வீங்கி, வயிறு உப்பி, பிறகு உணவையும் ஏற்க முடியாமல் போகிறது.

வாய்வழி முயற்சி

இரண்டாம் நாள் நண்பகல், அதாவது வந்து 18 மணி நேரம். வலி மருந்தோடு வலி 10-க்கு 4. எட்டு மணி நேரமாக வாந்தி இல்லை. வயிறு லேசாக உப்பல், மேல் பகுதியில் தொட்டால் வலி, ஆனால் மென்மையாக இருந்தது. குடல் ஒலி குறைவு. 'சாப்பிடணும் போல இருக்கா?' என்ற கேள்விக்கு, 'கொஞ்சம் குடுங்க, பாக்கலாம்' என்றார்.

இங்கே மூன்று பழைய நிபந்தனைகள் குறுக்கே வரும்: வலி முழுவதும் நீங்க வேண்டும், லைப்பேஸ் இறங்க வேண்டும், குடல் ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். மூன்றுமே தேவையில்லை. லைப்பேஸ் நோயைக் கண்டறியப் பயன்பட்டதோடு அதன் வேலை முடிந்தது. தினமும் அதை எடுப்பதால் உணவு தள்ளிப்போவதைத் தவிர வேறு பயன் இல்லை. பித்தப்பைக் கல்லால் லேசான அழற்சி வந்த ஒருவர், லைப்பேஸ் 900-இல் இருக்கும்போதே மறுநாள் காலை பசிக்கிறது என்று கேட்டால் அப்போதே கொடுக்கலாம். தெளிந்த நீரில் தொடங்கிப் படிப்படியாகத் திட உணவுக்கு ஏற வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. கொழுப்புக் குறைந்த மென்மையான உணவே முதல் வேளையாக இருக்கலாம். நம் வார்டில் அது இட்லிதான். தேங்காய்ச் சட்னி, நல்லெண்ணெய், வடை மட்டும் கூடாது.

கொடுப்பதற்கு முன்பே, தோல்வி என்று எதைச் சொல்வோம் என்பதை எழுதி வைத்தார்கள். அன்றைய பதிவு இது:

> இரண்டாம் நாள், பகல் 12.00. வந்து 18 மணி. வலி 4/10 (டிரமடால் 50 மி.கி. கொடுத்து 3 மணி நேரம்). கடைசி வாந்தி அதிகாலை 4.00. வயிறு மென்மை, லேசான உப்பல். சாப்பிட விருப்பம்: ஓரளவு. உறுப்புச் செயலிழப்பு இல்லை. மறு ஊட்ட ஆபத்து: அதிகம், தயாமின் தொடங்கியாயிற்று.
> முடிவு: வாய்வழி. ஒரு இட்லி, பருப்புத் தண்ணீர் 100 மி.லி. நாளின் உச்சவரம்பு 500 கிலோ கலோரி.
> நிறுத்த வேண்டியது: வாந்தி வந்தால், வலி 3 புள்ளி ஏறினால், அல்லது கூடுதல் வலி மருந்து தேவைப்பட்டால்.
> மறுமதிப்பீடு: மாலை 6.00. முழுப் பட்டினி இல்லை. தண்ணீர் சிறிதுசிறிதாக அனுமதி.

நான்கு விஷயங்கள் இதில் இருக்கின்றன: இப்போதைய நிலை, முடிவு, அதை எப்போது கைவிடுவது, அடுத்து எப்போது பார்ப்பது. கடைசி இரண்டும் இல்லாத குறிப்பை வைத்து இரவுப் பணியில் வருபவர் எதுவும் செய்ய முடியாது. வாந்தி எடுத்தால் 'என்.பி.ஓ.' என்று மாற்றிவிட்டுக் காலை வரை காத்திருப்பார்.

அரை இட்லி உள்ளே போனது. நாற்பது நிமிடத்தில் வலி 7. பித்தம் கலந்த வாந்தி சுமார் 150 மி.லி. மாலை மதிப்பீட்டில் பொட்டாசியம் 3.1, அதுவும் டிரமடாலும் சேர்ந்து குடலை மந்தமாக்கியிருக்கலாம். பொட்டாசியம் ஈடு கூட்டப்பட்டது. மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. சேர்க்கப்பட்டது. மூன்றாம் நாள் காலை மறு முயற்சி: இரண்டு வாய், மீண்டும் குமட்டல், வாந்தி. 48 மணி நேரத்தில் உள்ளே போன மொத்தம் 100 கிலோ கலோரிகூட இல்லை.

குழாய் முடிவு

பைத்தான் ஆய்வின் கணக்கில் இன்னும் காத்திருக்கலாம். ஆனால் அந்த 72 மணி, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென நோயுற்றால் பொருந்தும். ஆறு நாள் பட்டினியோடு வந்தவருக்கு எட்டாம் நாள் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அந்த வாக்கியமே காரணமாகக் கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டது. சிரை வழி ஊட்டம் என்ற பேச்சும் எழுந்தது. குடல் இயங்கும்போது அது கடைசி வழிதான். தொற்று அதிகம், செலவும் அதிகம்.

அடுத்த கேள்வி, குழாயின் நுனி இரைப்பையிலா, சிறுகுடலிலா? நுனி ஜெஜுனத்தில் இருந்தால் கணையம் தூண்டப்படாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் நடந்தவை உட்பட இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரைப்பைக் குழாய் பின்தங்கவில்லை. ஜெஜுனக் குழாய்க்கு எண்டோஸ்கோப்பியோ எக்ஸ்ரே வழிகாட்டலோ வேண்டும். அதற்காக இரண்டு நாள் காத்திருப்பது, தவிர்க்க நினைத்த பட்டினியையே நீட்டும். இரைப்பை காலியாகாமல் வாந்தி தொடர்ந்தாலோ, வீங்கிய கணையம் டியோடினத்தை அழுத்தினாலோ, வயிற்றுக்குள் அழுத்தம் 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலோதான் ஜெஜுனத்துக்குப் போக வேண்டும். 20-ஐத் தாண்டினால் குடல் வழியையே நிறுத்திவிட்டுச் சிரை வழி.

இவர் பித்த வாந்தி எடுத்தவர். ஆகவே ரைல்ஸ் டியூப் போட்டதும் உணவு கொடுக்கவில்லை. நான்கு மணி நேரம் திறந்து வைத்தார்கள். முதலில் 250 மி.லி. வடிந்தது, பிறகு குறைந்து நின்றது. அந்த நேரத்தில் பொட்டாசியம் 3.6, மெக்னீசியம் 1.9, பாஸ்பேட் 2.5 என்று முடிவுகள் வந்தன.

குழாயின் இடத்தை உறுதிசெய்வதில் ஒரு கெட்ட பழக்கம் இன்னும் இருக்கிறது: சிரிஞ்சால் காற்றடித்து ஸ்டெதாஸ்கோப்பில் 'குடுகுடு' என்று கேட்பது. குழாய் நுரையீரலில் இருந்தாலும் அப்படிக் கேட்கும். உறிஞ்சிய நீரின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இரைப்பை என்று எடுத்துக்கொள்ளலாம். இவர் பான்டொப்ரசோல் வாங்குபவர், பி.எச். 6 காட்டியது. எனவே எக்ஸ்ரே. குழாய் நடுக்கோட்டில் இறங்கி, மூச்சுக்குழல் பிரியும் இடத்தைக் குறுக்கே கடந்து, உதரவிதானத்துக்குக் கீழே இடப்பக்கம் முடிவதைப் பார்த்துவிட்டு, மூக்கு நுனியில் 58 செ.மீ. என்ற குறியைப் பதிந்தார்கள். ஒவ்வொரு பணி மாற்றத்திலும் நர்ஸ் அந்த எண்ணைத்தான் ஒப்பிடுவார்.

அளவு

இலக்கு கிலோவுக்கு 25 கிலோ கலோரி: 1,300. தொடக்கம் கிலோவுக்கு 10: 520. மி.லி.க்கு ஒரு கிலோ கலோரி தரும் சாதாரண ஊட்டப் பவுடரே போதும். கணையத்துக்கென்று விற்கும் விலையுயர்ந்த டின் தேவைப்படவில்லை. மணிக்கு 20 மி.லி. என்று இரவு 10 மணிக்குத் தொடங்கியது. பம்ப் இல்லாத வார்டாக இருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 80 மி.லி. மெதுவாக இறக்கினாலும் நாளுக்கு 480 வரும். தலைமாடு 30 முதல் 45 பாகை உயரம்.

கணக்கு 52 கிலோவுக்குத்தான். நான்காம் நாள் எடை 54.5 காட்டியது, அந்த இரண்டரை கிலோ டிரிப் நீர். அதை வைத்து அளவைக் கூட்டக்கூடாது.

பவுடர் கலக்கும் இடத்திலும் கண் வேண்டும். அடைத்துக்கொள்ளும் என்று பயந்து இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினால் 480 மி.லி. போனதாக அட்டவணை சொல்லும். உள்ளே போனது 240 கிலோ கலோரிதான். ஆகவே மி.லி. தனிக் கட்டம், கிலோ கலோரி தனிக் கட்டம். கலந்ததை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடக்கூடாது.

பாஸ்பேட் இறங்கியது

முதல் மூன்று நாட்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பரிசோதனை என்று எழுதியிருந்தார்கள். நான்காம் நாள் காலை பாஸ்பேட் 2.1. இரவு 1.6, பொட்டாசியம் 3.2. நாடி 104. இந்த நாடித்துடிப்புக்கு மூன்று விளக்கங்கள் இருந்தன: அழற்சி, மது நிறுத்தியதால் வரும் படபடப்பு, மறு ஊட்டம். கைநடுக்கம் இல்லை, கால் வீக்கம் இல்லை, நுரையீரல் தெளிவு என்பவற்றையும் பதிந்தார்கள்; மறுநாள் மாறினால் எது புதியது என்று தெரிய வேண்டும் அல்லவா.

மணிக்கு 20 மி.லி.க்கு இவ்வளவு இறக்கம் ஏன்? திரவ அட்டவணையைக் கூட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. இரவில் ரிங்கர் லாக்டேட் தீர்ந்ததால் 5 சத குளுக்கோஸ் கலந்த உப்பு நீர் இரண்டு பாட்டில் போயிருந்தது. ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ், சுமார் 170 கிலோ கலோரி. குழாய் வழி 480 என்று நினைத்த நாளில் உண்மையில் 650. டிரிப்பில் போகும் குளுக்கோஸை ஊட்டக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை; உடல் சேர்த்துக்கொள்கிறது.

உணவு நிறுத்தப்படவில்லை. வேகம் மணிக்கு 20-லேயே வைக்கப்பட்டு, குளுக்கோஸ் பாட்டில் நீக்கப்பட்டது. பொட்டாசியம் பாஸ்பேட், பாஸ்பேட் அளவில் 15 மில்லிமோல், ஆறு மணி நேரத்தில். அதைத் தனி வழியில் ஏற்ற வேண்டும். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருப்பதால் ஒரே குழாயில் சேர்ந்தால் படிவு விழும். சரிசெய்தும் பாஸ்பேட் இறங்கிக்கொண்டே இருந்தால் ஊட்டத்தைப் பாதியாக்குவது என்று எழுதி வைத்தார்கள். தேவைப்படவில்லை: ஐந்தாம் நாள் இரவு 2.7.

உப்பலும் சி.டி.யும்

ஐந்தாம் நாள் 'வயிறு திம்முனு இருக்கு' என்றார். இரைப்பையில் மிச்சம் 280 மி.லி. பலர் 200-ஐப் பார்த்ததும் உணவை நிறுத்திவிடுகிறார்கள். மற்ற குறிகள் இல்லாதபோது 500 வரை நிறுத்த வேண்டியதில்லை. ஆனாலும் உப்பல் புதிது என்பதால் சிறுநீர்ப்பை வழியாக வயிற்று அழுத்தம் அளந்தார்கள்: 13. இரைப்பைக் குழாயே தொடர்ந்தது. சி.டி.யில் கணைய வீக்கமும் பக்கத்தில் நீர்த் தேக்கமும் இருந்தன. உறுப்புச் செயலிழப்பு எப்போதும் வராததால் 2012 அட்லாண்டா வகைப்பாட்டில் இது மிதக் கடுமை. அறிக்கையில் 'நீர்த் தேக்கம்' என்ற சொல்லைக் கண்டதும் 'உணவை நிறுத்தலாமா' என்று கேட்பது வழக்கம். அந்தச் சொல் உணவை நிறுத்தக் காரணம் அல்ல.

ஆறாம் நாள் மாலை வேகம் மணிக்கு 38. எட்டாம் நாள் 54, முழு இலக்கு. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது: அந்தப் பவுடரில் லிட்டருக்குப் புரதம் 40 கிராம், 1,300 மி.லி.யில் 52. கிலோவுக்கு 1.2 கிராம் என்றாலே 62 வேண்டும். புரதப் பவுடரால் அந்தப் பத்து கிராமை ஈடுசெய்தார்கள். கலோரி இலக்கைத் தொட்டதும் கணக்கை மூடிவிட்டால் இது விடுபடும்.

குழாயிலிருந்து தட்டுக்கு

ஏழாம் நாளே பசிக்கிறது என்றார். குழாயை எடுக்காமல் பகலில் வாய்வழியும் தொடங்கினார்கள். 'நன்றாகச் சாப்பிட்டார்' என்ற குறிப்புக்குப் பதில், எத்தனை இட்லி, எத்தனை கரண்டி ரசம் சோறு என்று டயட்டீஷியன் எழுதி வந்தார். ஒன்பதாம் நாள் வாய்வழி மட்டும் 900 கிலோ கலோரி, இலக்கில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், வலி ஏறவில்லை. அடுத்த நாளும் அப்படியே இருந்ததும் குழாய் எடுக்கப்பட்டது.

> பதினோராம் நாள், காலை 9.00. இரு நாள் வாய்வழி 900, 980 கிலோ கலோரி. வாந்தி இல்லை, வலி 1/10, கூடுதல் மருந்து இல்லை. பாஸ்பேட் 3.1, பொட்டாசியம் 4.0. எடை 51.2.
> முடிவு: ரைல்ஸ் டியூப் நீக்கம். கொழுப்புக் குறைந்த உணவு நாளுக்கு ஆறு முறை. தயாமின் மாத்திரையாக 100 மி.கி. தொடரும்.
> மீண்டும் குழாய்: தொடர்ந்து இரு நாள் 650 கிலோ கலோரிக்குக் கீழே போனால். மறுமதிப்பீடு: தினமும் காலை எடை, உணவு அட்டவணை.